நிக்கோட்டின் ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம்: சிகரெட்டை நிறுத்த நினைப்பவருக்கு

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்கள் நோன்பு மாதத்தில் இதைக் கட்டாயம் கவனித்திருப்பீர்கள். சாதாரண நாளில் அரை மணித்தியாலம் சிகரெட் இல்லாமல் இருக்க முடியாத ஆள், ஸஹர் முடிந்து மஃரிப் பாங்கு வரைக்கும் கிட்டத்தட்ட 13 மணித்தியாலம் ஒன்றுகூடப் பத்தாமல் இருக்கிறார். முதல் இரண்டு மூன்று நாள் தலையிடி, எரிச்சல் எல்லாம் வரும், சரி. ஆனால் அதற்குப் பிறகு பகல் நேரத்தில் அவருக்கு சிகரெட் ஞாபகமே பெரிதாக வருவதில்லை. ஞாபகம் வருவது அஸர் தாண்டி, நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான். பேரீச்சம்பழம், கஞ்சி, அப்புறம் ஒரு தேத்தண்ணி, கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

நிக்கோட்டின் மட்டும்தான் காரணம் என்றால் கணக்கு இப்படி வரக்கூடாது. இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பகல் 12 மணிக்கெல்லாம் ஸஹர் நேரத்துச் சிகரெட்டில் இருந்து வந்தது பெரும்பாலும் தீர்ந்துவிடும், அப்படியானால் அப்போதே ஆசை உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும். மாறாக ஆசை எழுவது "இனிப் பத்தலாம்" என்ற நேரம் கிட்ட வரும்போது. இதையே விமானப் பணியாளர்களை வைத்து இஸ்ரேலில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். புகைபிடிக்கும் அதே ஆட்கள், ஒரு தடவை நாலைந்து மணித்தியாலக் குறும்பயணம், இன்னொரு தடவை 10 மணித்தியாலத்துக்கு மேல் போகும் நெடும்பயணம். கடைசிச் சிகரெட் பத்தி எவ்வளவு நேரமானது என்பதைவிட, இறங்குவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் ஆசையைக் கூட்டிக் குறைத்தது. குறும்பயணம் முடிகிற நேரத்தில் இருந்த ஆசை, நெடும்பயணத்தில் அதே நாலைந்தாவது மணித்தியாலத்தில் இருந்ததைவிட அதிகம்.

அப்படியென்றால் நிக்கோட்டின் அடிமைத்தனம் என்பதே பொய்யா என்று கேட்காதீர்கள். பொய்யில்லை. நோன்பின் முதல் நாட்களில் வருகிற அந்தத் தலையிடியும் கோபமும் அதனுடைய வேலைதான். விஷயம் என்னவென்றால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டினும் பழக்கமும் என்று இரண்டு, அவை இரண்டும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு விதமாக இழுக்கும், வேறு வேறு மருந்துக்குத்தான் அடங்கும். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் "நானும் எத்தனையோ தரம் விட்டுப் பார்த்திட்டன், சரிவரல்ல" என்று சொல்லித் திரிவார்கள்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

முதலில் நிக்கோட்டின். புகையை உள்ளே இழுத்து 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளைக்குப் போய்விடும். அங்கே அது போய் உட்காரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். தொடர்ந்து பத்துபவருக்கு இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடும், கூடியவை எல்லாம் நிரம்பாமல் இருந்தால் மூளை முறைப்பாடு செய்யும். எரிச்சல், பதற்றம், கவனம் நிற்காமை, பசி கூடுதல், நித்திரைக் குழப்பம், சிலருக்கு மலச்சிக்கல்கூட. நிறுத்திய சில மணித்தியாலத்தில் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நாலு கிழமைக்குள் இது பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு முடிவு உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் அப்படியில்லை. ஒரு சிகரெட்டில் சுமார் 10 இழுப்பு என்று வைத்தால், நாளுக்கு 14 பத்துபவர் 140 தடவை கையை வாய்க்குக் கொண்டு போகிறார், வருடத்துக்கு 51,000 தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து விநாடியில் மூளைக்குச் சின்னதாக ஒரு கூலி கிடைக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் என்னவெல்லாம் இருந்ததோ, தேத்தண்ணிக் கோப்பை, லைட்டர் தட்டுகிற சத்தம், பெட்டிக்கடையில் தொங்குகிற நெருப்புக் கயிறு, கூட நிற்கிற கூட்டாளி, எல்லாம் அந்தக் கூலியோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதனால் நிக்கோட்டின் உடம்பை விட்டுப் போய் மாதங்கள் கழிந்தும், அந்தக் கோப்பையைக் கண்டால் கை தேடும்.

இழுக்கிற புகை தொண்டையில் படுகிற அந்தச் சுருக்கென்ற உணர்வும் இதில் ஒரு பங்கு. நிக்கோட்டின் எடுக்கப்பட்ட சிகரெட்டுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பலருக்கு அந்த நேரத்து ஆசை நன்றாகவே அடங்கியது. மருந்தே இல்லாத வெறும் புகையில் ஆசை அடங்குகிறதென்றால், வாயும் கையும் தொண்டையும் எவ்வளவு பழகிப்போயிருக்கின்றன என்று பாருங்கள்.

முதல் வேலை: நிறுத்தாமல் எழுதுங்கள்

உடனே விடவேண்டாம். மூன்று அல்லது நாலு நாளைக்கு வழமைபோலப் பத்துங்கள், ஆனால் ஒரு துண்டுக் கடதாசியை சிகரெட் பெட்டியோடு சேர்த்து இறப்பர் வளையம் போட்டு வையுங்கள். உதிரியாக ஒவ்வொன்றாக வாங்குபவர் என்றால் (எங்கட பக்கம் பாதிப்பேர் அப்படித்தான்) கடதாசியைச் சட்டைப்பையில், காசோடு வையுங்கள். ஒவ்வொன்றையும் பத்த வைப்பதற்கு முன்னால், பிறகு அல்ல, நேரம், இடம், யாரோடு, கையில் வேறென்ன இருந்தது, இவ்வளவும் எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுப்போம். மட்டக்களப்பு டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவர், எனக்கு மச்சான் முறை. அவருடைய ஒரு நாள் கடதாசி இப்படி இருந்தது. காலை 5.10க்கு வீட்டின் பின்னால் பிளேன்ரீயோடு ஒன்று, எழும்பிப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை. 5.45க்குக் குளிக்க முதல், 6.10க்கு ஓட்டோவை எடுக்க முதல். பிறகு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் ஹயர், அது முடிய 8.00க்கு ஒன்று. 10.00க்குக் கடைத் தேத்தண்ணியோடு, 10.25க்குத் தரிப்பிடத்தில் மற்ற ஓட்டோக்காரரோடு, 11.30க்கு ஒன்று. ஸ்கூல் விட்டுப் பிள்ளைகளை இறக்கி, சாப்பிட்டு முடிய 2.45. பின்னேரம் 4.15, 5.30. இரவு கல்லடிக் கடற்கரையில் கூட்டாளிமாரோடு 7.00, 7.25, 8.00. படுக்கப் போகமுதல் 9.45. மொத்தம் 14.

இந்தக் கடதாசியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 6.10க்கும் 8.00க்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பின்னால் பிள்ளைகள் இருப்பதால் பத்தமாட்டார். "அந்த நேரம் கஷ்டமா இருக்குமா மச்சான்?" என்று கேட்டேன். "ஞாபகமே வாறதில்ல. கடைசிப் பிள்ளைய இறக்கினவுடன வரும்" என்றார். ஆனால் 10.00க்குப் பத்திவிட்டு 10.25க்கு மறுபடியும் பத்துகிறார், அப்போது இரத்தத்தில் முதலாவதன் நிக்கோட்டின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. உடம்பு கேட்கவில்லை. ஹயர் இல்லாமல் சும்மா நிற்கிறார், பக்கத்து ஓட்டோக்காரர் பெட்டியை நீட்டுகிறார், அவ்வளவுதான். 11.30க்குப் பத்தியதை அவர் பிற்பாடுதான் எழுதினாராம், பாதி பத்திய பிறகுதான் கையில் இருப்பதே தெரிந்ததாம். இது சுத்தமான பழக்கம்.

மாறாக 5.10 நிக்கோட்டினின் சிகரெட். இரவு முழுக்க ஏழு மணித்தியாலம் ஒன்றும் போகாமல் ஏற்பிகள் காய்ந்து கிடந்தன. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதலாவதைப் பத்துகிறீர்களா என்பதுதான் இரசாயனப் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க வைத்தியர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி. நாளுக்கு எத்தனை என்பதைவிட இது கூடச் சொல்லும். நாளுக்கு எட்டே பத்தினாலும் கண் முழித்ததும் தேடுகிறவருக்கு நிக்கோட்டின் பிடி பலம், நாளுக்குப் பன்னிரண்டு பத்தினாலும் முதலாவது பத்து மணிக்குத்தான் என்பவருக்குப் பழக்கத்தின் பிடிதான் பலம்.

எது எது என்று சந்தேகமான இடத்தில் ஒரு சின்னச் சோதனை. ஆசை வந்ததும் இடத்தை மாற்றி, வேறொரு வேலை தொட்டு, பத்து நிமிசம் பொறுங்கள். பழக்கத்தின் ஆசை அந்த இடத்திலேயே நின்றுவிடும், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிசத்தில் அடங்கும். நிக்கோட்டினின் ஆசை உங்களோடு கூடவே வரும், நேரம் போகப் போகக் கூடும், கூடவே எரிச்சலும் வரும், பிள்ளை ஏதாவது கேட்டால்கூடச் சுள்ளென்று விழுவீர்கள். மச்சானின் கடதாசியில் இப்படிப் பார்த்தால் காலை 5.10, 5.45, 8.00, இரவு 9.45 நாலும் நிக்கோட்டின் பக்கம், மிச்சம் பத்தும் பெரும்பாலும் பழக்கம்.

ஒன்றை மட்டும் வெட்டினால் என்ன நடக்கும்

"அப்ப அந்தப் பத்தையும் விட்டிட்டு நாலோட நிண்டா சரிதானே" என்று அவரும் கேட்டார், எல்லாருக்கும் வரும் யோசனைதான். இங்கேதான் பலர் விழுகிறார்கள். பழக்கத்துக்காகப் பத்தியது என்றாலும் அந்தப் பத்திலும் நிக்கோட்டின் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு சிகரெட்டுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் உடம்பில் சேரும். 14இல் இருந்து 4க்கு இறங்கினால் 14 மில்லிகிராமுக்குப் பழகிய மூளைக்கு 4தான் கிடைக்கிறது. அது சும்மா இருக்காது. அந்த நாலையும் நீங்கள் அறியாமலே ஆழமாக, நீளமாக, பஞ்சு சுடுமட்டும் இழுக்க வைக்கும். எண்ணிக்கை குறைந்த அளவுக்கு நிக்கோட்டின் குறையாது, புகையும் குறையாது. அந்த நாலும் முன்னைவிட ருசியாகவும் மாறிவிடும், ஒரு கிழமையில் ஐந்து, ஆறு என்று மெல்ல ஏறும்.

மறுபக்கம் நிக்கோட்டினை மட்டும் பார்ப்பவர்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டியை வாங்கி ஒட்டிவிட்டு, வேறு எதையும் மாற்றாமல் அதே தரிப்பிடம், அதே கடை, அதே கடற்கரை. பட்டி மெதுவாகத்தான் நிக்கோட்டினை விடும், பல மணித்தியாலத்துக்கு ஒரே மட்டமாக வைத்திருக்கும், அதனால் காலை எரிச்சல் அடங்கும். ஆனால் கைக்கு ஒன்றும் தராது, தொண்டைக்கு ஒன்றும் தராது. இரவு 7.00க்குக் கூட்டாளி நெருப்பைத் தட்டினதும், உடம்பில் போதுமான நிக்கோட்டின் இருந்தும், கை நீளும். பிறகு "பட்டி வேலை செய்யல்ல" என்று பழி பட்டிக்கு. பட்டி அதன் வேலையைச் செய்தது, மற்ற வேலையை யாரும் செய்யவில்லை.

இரண்டாம் வேலை: நிக்கோட்டினைத் தொடாமல் முடிச்சுகளை அவிழ்ப்பது

நிறுத்தும் திகதியைக் குறித்து, அதற்கு முன்னால் ஒரு கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். இந்தக் கிழமையில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரேயொரு சட்டம்: பத்துவது ஒரே இடத்தில், நின்றுகொண்டு, தனியாக, கையில் வேறொன்றும் இல்லாமல். மச்சான் வீட்டில் என்றால் பின்மதிலோரம், தரிப்பிடத்தில் என்றால் நிழலே இல்லாத மறுபக்க மதிலோரம். தேத்தண்ணியோடு இல்லை, போன் பார்த்துக்கொண்டு இல்லை, ஓட்டோவுக்குள் இல்லவே இல்லை. வலக்கையால் பிடிப்பவர் இடக்கையால் பிடிக்க வேண்டும். லைட்டரை வீட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் நெருப்பு கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டுப்போல இருக்கும். ஆனால் இதில் என்ன நடக்கிறதென்றால், தேத்தண்ணி வருகிறது, சிகரெட் வரவில்லை. கூட்டாளி வருகிறார், சிகரெட் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த முடிச்சு கொஞ்சம் இளகும். அதேநேரம் உடம்புக்கு வழமையான நிக்கோட்டின் கிடைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கத்தில் சண்டை இல்லை, உங்கள் முழுக் கவனமும் பழக்கத்தில் இருக்கும். வெயிலில் மதிலோரம் தனியாக நின்று இடக்கையால் பத்துவது ஒரு சந்தோசமும் இல்லாத வேலை என்பதால், யாரும் சொல்லாமலே நாளுக்கு மூன்று நாலு தானாகக் குறையவும் செய்யும். வெளியே எழும்பிப்போக அலுப்பாக இருந்து விட்டுவிட்ட சிகரெட்டுகள் எவை என்று குறியுங்கள், அவை எல்லாம் பழக்கத்தின் கணக்கு.

இதே கிழமையில் கைக்கும் வாய்க்கும் மாற்று ஒன்றைப் பழக்குங்கள், நிறுத்திய பிறகு தேடினால் அகப்படாது. எனக்குத் தெரிந்து மிக நல்லது கறுவா. நல்ல கறுவாக் குச்சி ஒன்றை சிகரெட் நீளத்துக்கு முறித்தால், சுருளாக, உள்ளே இடைவெளியோடு இருக்கும். விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அதனூடாக மெதுவாகக் காற்றை இழுத்தால் தொண்டையில் இலேசாக ஒரு காரம் படும். பத்த வைக்கக்கூடாது, சொல்லத் தேவையில்லை. கராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வதும் சிலருக்குச் சரிவரும். இதில் காற்றை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது முக்கியம், ஏனென்றால் சிகரெட் "மனதை ஆறவைத்தது" என்று நினைப்பதில் ஒரு பகுதி அந்த ஆழமான மூச்சும், வேலையில் இருந்து கிடைத்த ஐந்து நிமிச ஓய்வும்தான். அந்த ஐந்து நிமிசத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே போங்கள், நில்லுங்கள், மூச்சை இழுங்கள், புகை மட்டும் வேண்டாம்.

எங்கட ஊரில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிகரெட்டை விட்டவர் வாய் சும்மா இருக்கிறதென்று வெற்றிலைக்குப் போவது. புகையிலை சேர்த்துப் போட்டால் நிக்கோட்டின் கன்னத்தால் போய்க்கொண்டேதான் இருக்கும், நீங்கள் எதையும் விடவில்லை, வழியைத்தான் மாற்றினீர்கள். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு என்றாலும், பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான். அதேபோல மின்சிகரெட். அதில் பிடிக்கிறதும் இழுக்கிறதும் அப்படியே இருக்கும், பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் இருக்கும், ஆக இரண்டு பிடியும் இறுகியே கிடக்கும்.

மூன்றாம் வேலை: நிக்கோட்டினைப் படிப்படியாக இறக்குவது

குறித்த நாள் காலையில் இருந்து சிகரெட் இல்லை. எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடாதவர், நாளுக்கு ஐந்தாறுதான் பத்துபவர், பெரும்பாலும் மருந்தில்லாமலே இந்தக் கட்டத்தைத் தாண்டலாம். மச்சானைப்போலக் கண் முழித்ததும் பத்துபவருக்குப் பட்டி, சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மாற்று நல்ல உதவி. எல்லாப் பாமசியிலும் இருக்காது, அதனால் திகதி குறிக்க முதலே விசாரித்து வையுங்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு மருந்து தொடர்ந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கும் மனநோய்க்கும் கொடுக்கிற சில மருந்துகளின் அளவு, புகையை நிறுத்தினதும் உடம்பில் கூடிவிடும், அளவை வைத்தியர்தான் மாற்ற வேண்டும்.

ஒட்டும் பட்டியில் வழமையான ஒழுங்கு, நாளுக்கு பத்துக்கு மேல் பத்தியவர் என்றால் 21 மில்லிகிராம் ஆறு கிழமை, பிறகு 14 மில்லிகிராம் இரண்டு கிழமை, 7 மில்லிகிராம் இரண்டு கிழமை. காலையில் குளித்து நன்றாகத் துடைத்து, மயிர் இல்லாத இடத்தில், மேற்கையிலோ முதுகிலோ ஒட்ட வேண்டும், ஒவ்வொரு நாளும் இடம் மாற்ற வேண்டும். எங்கட வெக்கைக்கும் வியர்வைக்கும் அது உரியும், அதுவும் ஓட்டோ ஓட்டுபவருக்கு, அதனால் மேலால் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒன்றைக் குறுக்கே ஒட்டிவிடலாம். இரவில் கண்டபடி கனவு வந்தால் படுக்கமுதல் எடுத்துவிடலாம், ஆனால் அப்போது 5.10 ஆசை மறுபடி பலமாக வரும், காலைதான் உங்களுக்குக் கஷ்டம் என்றால் இரவும் இருக்க விடுவது நல்லது. கழற்றிய பட்டியிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், மடித்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் எறியுங்கள்.

பட்டியோடு நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்து எடுப்பது தனியே பட்டியைவிடக் கூடப் பலன் தரும். 2, 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வரும், எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் பத்துபவருக்கு 4. இதை வழமையான பபிள்கம்போலச் சப்பிக்கொண்டிருந்தால் விக்கலும் வயிற்றுப் பிரட்டலும்தான் மிச்சம். நாலைந்து தரம் மெல்ல, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல, மறுபடி ஒதுக்க, இப்படி அரை மணித்தியாலம். மருந்து கன்னத்துத் தோலால்தான் போகும், விழுங்கினால் வீண். அதற்கு 15 நிமிசம் முந்தியும், வாயில் இருக்கும்போதும் கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி எதுவும் குடிக்கக்கூடாது, புளிப்பு அந்த உறிஞ்சலைத் தடுத்துவிடும்.

இன்னொன்று, தேத்தண்ணி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருந்தன. புகை நின்றதும் ஈரல் பழைய வேகத்துக்கு இறங்கும், அதே ஐந்து பிளேன்ரீயில் இருந்து உடம்பில் தங்கும் கஃபீன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரவு நித்திரை இல்லை. ஆள் இதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து ஒன்றைப் பத்தவைப்பார். நிறுத்தும் நாளில் இருந்து தேத்தண்ணியையும் பாதியாக்குங்கள், பாதிப் படபடப்பு அதிலேயே போகும்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு

மூன்றாம் நாள் கடினம் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்கு ஆயத்தமாகவும் இருப்பார்கள். ஆயத்தமில்லாமல் பிடிபடுவது ஒரு மாதம் கழித்து, உடம்பு முழுக்கத் தெளிந்த பிறகு. கலியாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், அதைவிடச் செத்த வீட்டில். இரவு முழுக்க முழித்திருப்பு, மனம் சரியில்லை, வெற்றிலைத் தட்டத்தில் பீடியும் சிகரெட்டும் சுற்றி வருகிறது, எடுக்காமல் விட்டால் மரியாதைக் குறைவோ என்று ஒரு யோசனை வேறு. நோன்பு மாதம் முழுக்கப் பகலில் விட்டவர் பெருநாளோடு பழையபடி ஆவதும் இதே கதைதான், இரவில் நோன்பு திறந்து தேத்தண்ணியோடு பத்தியதால் அந்த முடிச்சு அவிழவே இல்லை. இப்படியான இடத்துக்குப் போகமுதல் கையில் என்ன இருக்கும் என்று முடிவெடுத்துப் போங்கள். தட்டம் வரும்போது தட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு அடுத்தவருக்கு நகர்த்தினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாற்காலி அடுக்கவோ கோப்பை எடுத்துக் கொடுக்கவோ போய்விட்டால் இன்னும் நல்லது, இரண்டு கையும் நிறைந்திருக்கும்.

அப்படியும் ஒன்றைப் பத்திவிட்டால் அந்தப் பழைய கடதாசியை எடுத்து, நேரம், இடம், யாரோடு என்று அதையும் எழுதுங்கள். மச்சான் ஆறு கிழமை முடிந்து 21இல் இருந்து 14 மில்லிகிராமுக்கு இறங்கிய இரண்டாம் நாள் அதிகாலை ஒன்றைப் பத்தினார், தனியாக, வீட்டின் பின்னால், எரிச்சலோடு. அது நிக்கோட்டினின் கேள்வி, எனவே வைத்தியரிடம் கேட்டு இன்னும் இரண்டு கிழமை 21இலேயே இருந்துவிட்டு இறங்கினார். அதே ஆள் நாலு மாதம் கழித்துக் கல்லடிக் கடற்கரையில் இரவு 7.30க்குச் சிரித்துப் பேசிக்கொண்டே ஒன்றை வாங்கினார். அப்போது பட்டியே இல்லை, உடம்பில் குறையும் இல்லை. அதற்குப் பட்டியைத் திரும்ப ஒட்டி ஒரு பிரயோசனமும் இல்லை என்றபடியால், கூட்டாளிமாரை விடாமல், உட்காருகிற இடத்தை மட்டும் மாற்றினார்கள். இப்போது பாலத்துக்குப் பக்கத்தில், கடலை விற்கிறவரின் வண்டிக்கு அருகில். கடலைச் சுருளைப் பிரித்துக் கோது உடைத்துத் தின்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.